வலது ஓரத்தில் போன வினைச்சொல்

செல்பேசியில் படமெடுத்து அனுப்பும் பேப்பர் கட்டிங்குகளைப் படித்து, அவற்றின் சாரத்தை ஐந்தாறு வரியில் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆலை நிர்வாகம், தொழிற்சங்கம், வக்கீல் அலுவலகம் என்று கேட்பவர்கள் பலவிதம். கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர், பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துச் செய்திகளே அதிகம் வரும். நறுக்கு முழுதாக வருவது அபூர்வம். தலைப்பின் ஒரு முனை படத்துக்கு வெளியே நிற்கும், நடுப்பத்தியில் மடிப்பு விழுந்திருக்கும், கடைசிப் பத்தியின் ஓரத்தில் வரிக்கு இரண்டு எழுத்து குறையும். இதைச் சுருக்குகிறவர் செய்தியில் இருப்பதை எழுதினால் போதும் என்பது பொதுவான எண்ணம். இல்லாதது எது என்று எழுதாத சுருக்கம் தப்பான சுருக்கம் என்பது என் கட்சி. குறிப்பாகத் தமிழ் நறுக்கில் இது இன்னும் அவசியம், ஏனென்றால் தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலத் தலைப்பில் எழுவாயை ஒட்டியே வினை வந்துவிடுவதால் வலது ஓரம் வெட்டுப்பட்டால் போவது பெரும்பாலும் இடமும் நாளும்தான். தமிழ்த் தலைப்பில் அதே ஓரத்தில் நிற்பவை உண்டா இல்லையா என்பது, யார் சொன்னது என்பது, கேள்விக்குறி. எதைப் பற்றிய செய்தி என்பது கையில் இருக்கும், என்ன ஆனது என்பது இருக்காது.

இதை ஒரு நிஜ நிகழ்வை வைத்தே பார்க்கலாம். 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி வாக்கில் மைசூரிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே உள்ள கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்புறம் மோதியது. மெயின் லைனில் போகப் பச்சை சிக்னல் இருந்தது, ஆனால் நிலையத்துக்குள் நுழையும்போது பலத்த அதிர்வு ஏற்பட்டு, சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் லூப் லைனுக்குள் போய்விட்டது என்று ரயில்வே அறிவித்தது. பெட்டிகள் பல தடம் புரண்டன. 19 பேர் காயம், உயிரிழப்பு இல்லை என்று செய்திகள் வந்தன. மறுநாளே தேசியப் புலனாய்வு முகமை அதிகாரிகள் இடத்தைப் பார்வையிட்டதால் சதிவேலையா என்ற பேச்சும் எழுந்தது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை தனியாக நடந்தது. அந்த விசாரணை இது சதிவேலைதான் என்ற முடிவுக்கு வந்ததாக 2025 ஜூலையில் செய்தி வெளியானது. ஆக, ஒரே விபத்துக்கு ஒன்பது மாத இடைவெளியில் இரண்டு தடவை ‘சதி’ என்ற சொல் தலைப்புக்கு வந்திருக்கிறது, முதல் தடவை சந்தேகமாக, இரண்டாவது தடவை விசாரணையின் முடிவாக.

இனி ஒரு நறுக்கை எடுத்துக்கொள்வோம். எந்த நாளிதழிலும் வந்ததல்ல, விளக்கிச் சொல்ல நானே அமைத்துக்கொண்டது. மூன்று பத்திச் செய்தி. (பத்திரிகை அலுவலகத்தில் ‘காலம்’ என்பதை இங்கே பத்தி என்கிறேன், உள்ளே இருப்பதைப் பாரா என்று வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் குழம்பும்.) தலைப்பில் தெரிவது ‘கவரைப்பேட்டை ரயில் விபத்து சதியா’ என்பது வரைதான். அதற்குமேல் கட்டைவிரலும் மேஜை விரிப்பும். படிக்கிற கண் உடனே ஒரு கேள்விக்குறியைப் போட்டுக்கொள்ளும். ஆனால் அந்த யாவுக்குப் பின்னால் என்னென்ன வரலாம் என்று எண்ணிப் பாருங்கள். ‘சதியா?’ என்றால் நாளிதழ் கேட்கிறது. ‘சதியாம்’ என்றால் யாரோ சொன்னதை நாளிதழ் தள்ளி நின்று சொல்கிறது. ‘சதியால் நடந்தது’ என்றால் முடிவாகச் சொல்கிறது. ‘சதியாக இருக்கலாம்’ என்றால் யாரோ ஒரு அதிகாரியின் ஊகம், அவர் பெயர் அடுத்த வரியில் இருந்திருக்கும். ‘சதியா என விசாரணை’ என்றால் யாரும் எதையும் சொல்லவில்லை, விசாரணை நடக்கிறது என்பதுதான் செய்தி. ஒரு செய்தித்தாள் எடுக்கக்கூடிய நிலைகள் ஏறக்குறைய எல்லாமே அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் அடங்கிவிட்டன. இதில் எது என்று படம் சொல்லவில்லை. எனவே சுருக்கத்தில் எழுத வேண்டியது ‘தலைப்பு சதியா என்ற எழுத்துவரை தெரிகிறது, மீதி படத்தில் இல்லை’ என்பதுதான். கேள்விக்குறி போட்டு எழுதிவிட்டால், நாளிதழ் எழுதாத ஒன்றை நாம் எழுதியவர்களாகிவிடுகிறோம்.

வெட்டுப்பட்ட ஓரம் ஒரேயடியாக ஊமை அல்ல. தமிழ் எழுத்தில் அடுத்து வருவதன் நிழல் முன்சொல்லில் விழுவது உண்டு. வரி ‘எனக்’ என்று முடிந்தால் அடுத்த சொல் ககர வரிசையில் தொடங்குகிறது, கூறினார் அல்லது கூறப்படுகிறது போல ஒன்று. ‘எனத்’ என்று முடிந்தால் தெரிவித்தார், தெரிகிறது என்று ஏதோ ஒன்று. ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது பெயர் சொல்லக்கூடிய ஒருவரின் கூற்று, மற்றது யார் சொன்னதென்று தெரியாத தகவல். ஒற்று இரண்டுக்கும் ஒன்றேதான், அது எழுத்தைக் காட்டுமே தவிர சொல்லைக் காட்டாது. போதாததற்கு, பல நாளிதழ்கள் வல்லினம் மிக வேண்டிய இடத்தில் ஒற்றை விட்டுவிடுவதால் ஒற்று இல்லாததை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. இதைவிடப் பயன் தருவது வினையின் முறிந்த வடிவம். தமிழ் அச்சில் பத்தியின் அகலத்துக்குள் அடங்காத சொல்லைப் பெரும்பாலும் இணைப்புக்கோடு இல்லாமலே உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளுவார்கள். முதல் பத்தியின் கடைசி வரி ‘சதி என்பது உறுதி செய்யப்பட’ என்று முடிந்து, இரண்டாம் பத்தியின் மேல்வரி படத்தில் வெட்டுப்பட்டிருந்தால், அவசரத்தில் அதை ‘உறுதி செய்யப்பட்டது’ என்று படித்துவிடுவார்கள். ஆனால் ‘பட’ என்பது முற்றுப்பெறாத வடிவம். அதன்பின் வில்லை வரலாம், வேண்டும் வரலாம், லாம் வரலாம், உள்ளது வரலாம். ‘பட்டது’ மட்டும் வர வழியில்லை, ஏனென்றால் அங்கே இன்னொரு டகர ஒற்று நின்றிருக்க வேண்டும். இவ்வளவையும் படத்தை வைத்தே உறுதியாகச் சொல்லலாம், ஆகவே சுருக்கத்திலும் சொல்லலாம்: ‘உறுதியாகிவிட்டதாக இந்த வரி சொல்லவில்லை, வாக்கியத்தின் முடிவு தெரியவில்லை.’

ஓரத்துக்கு அடுத்த கண்ணி பத்திகளின் வரிசை. தனிச் செய்தியாக இருந்தால் இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போகலாம். பெரிய விபத்துச் செய்தி அப்படி வராது. நடுவில் படம், ஓரத்தில் கட்டம் கட்டிய பெட்டிச் செய்தி, கீழே இன்னொரு துணைச் செய்தி. கவரைப்பேட்டை விபத்தின்போது ஒப்பீட்டுக்கு எல்லாருக்கும் நினைவு வந்தது ஒடிசா மாநிலம் பாலசோர் அருகே பாஹாநகா பஜாரில் 2023 ஜூன் 2 அன்று நடந்த விபத்து. அங்கும் மெயின் லைனுக்குப் பச்சை, அங்கும் லூப் லைன், அங்கும் நின்றிருந்த சரக்கு ரயில். மோதியது சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். அதில் இறந்தவர்கள் 290-க்கும் மேல். நம் மாதிரி நறுக்கின் மூன்றாம் பத்தி அந்தப் பழைய விபத்தைப் பற்றிய பெட்டிச் செய்தி என்று வையுங்கள். கட்டத்தின் கோடும் பெட்டித் தலைப்பும் படத்துக்கு வெளியே போய்விட்டால், இரண்டாம் பத்தியின் அடியிலிருந்து மூன்றாம் பத்தியின் தலைக்குக் கண் தடங்கலில்லாமல் ஏறிவிடும். இரண்டிலும் பச்சை சிக்னல், இரண்டிலும் லூப் லைன், வாக்கியங்கள் உறுத்தாமல் ஒட்டிக்கொள்ளும். கவரைப்பேட்டையில் 290 பேர் பலி என்று சுருக்கம் வந்து நிற்கும். நூலைத் தவறவிட்டோம் என்று இங்கே பொருளைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது, அச்சைக் கொண்டுதான் முடியும். சாதாரணச் செய்தியில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளின் வரிகள் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நிற்கும். பெட்டிச் செய்தியில் எழுத்தின் அளவோ தடிமனோ இடைவெளியோ மாறுவதால் வரிகள் மட்டம் தப்பும். பத்தியின் அகலம் கொஞ்சம் குறையும். பின்னணியில் லேசான சாம்பல் தெரியும், ஆனால் மங்கலான படத்தில் அது நிழலாகவும் இருக்கலாம். படத்தின் மேல் ஒரு ஸ்கேலைக் கிடையாக வைத்துப் பார்ப்பது போலக் கண்ணை ஓட்டினாலே மட்டம் தப்பியது பிடிபடும். பிடிபட்டதும் அந்தப் பத்தியைச் சுருக்கத்தில் தனியாக ஒதுக்கி, ‘இது வேறு செய்தியாக இருக்கக்கூடும்’ என்று எழுதிவிட வேண்டும். எண்ணிக்கை எதையும் அதிலிருந்து எடுத்து முதன்மைச் செய்தியில் சேர்க்கக் கூடாது.

தலைப்பு போனால் என்ன, செய்தியின் உடல் இருக்கிறதே, அதைப் படித்தால் தலைப்பு தானாக வந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம். விபத்தின் விவரம் உடலில் இருக்கும்தான். ஆனால் தலைப்பைப் பெரும்பாலும் செய்தி எழுதிய நிருபர் வைப்பதில்லை, அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர் வைக்கிறார். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த செய்தியில் ‘பல கோணங்களில் விசாரணை நடக்கிறது’ என்று இருக்கும், தலைப்பில் அது ‘சதியா’ ஆகியிருக்கும். அகலத்துக்கு அடங்க வேண்டும், கண்ணை இழுக்க வேண்டும் என்ற இரண்டு நெருக்கடி தலைப்புக்கு உண்டு. ஆகவே உடலை வைத்துத் தலைப்பைக் கட்டினால் கிடைப்பது நியாயமான ஒரு தலைப்பாக இருக்கலாம், அந்த நாளிதழ் போட்ட தலைப்பாக இராது. வக்கீலுக்கோ நிர்வாகத்துக்கோ பல சமயம் தேவைப்படுவது நாளிதழ் என்ன தலைப்புப் போட்டது என்பதுதான், ஏனென்றால் ஊரில் பத்துப் பேர் படித்ததும் டீக்கடையில் பேசியதும் அந்தத் தலைப்பைத்தான். உடலுக்கும் தலைப்புக்கும் இடைவெளி இருந்ததா என்பதே சில வழக்குகளில் கேள்வியாக வரும். நாம் சமரசம் செய்து எழுதிய தலைப்பு அந்தக் கேள்வியையே இல்லாமல் செய்துவிடும்.

மேல்விளிம்போடு போகும் இன்னொன்று தேதி. பக்கத்தின் உச்சியில் நாளிதழின் பெயரும் பதிப்பும் நாளும் இருக்கும் வரியை யாரும் படமெடுப்பதில்லை, செய்தியை மட்டும்தான் எடுக்கிறார்கள். உள்ளே ‘நேற்று’, ‘நேற்று முன்தினம்’ என்றுதான் இருக்கும், அந்த நேற்று எதை வைத்து நேற்று என்பது போன விளிம்பில் இருக்கிறது. சதி பற்றிய நம் நறுக்கு 2024 அக்டோபரில் வந்ததா 2025 ஜூலையில் வந்ததா என்பது தெரியாவிட்டால், அது சந்தேகச் செய்தியா முடிவுச் செய்தியா என்று சொல்லவே முடியாது. உடலில் ‘பயணிகள் மீட்கப்பட்டு’, ‘தண்டவாளம் சீரமைக்கும் பணி’ என்று இருந்தால் முதல் ஓரிரு நாள் என்று ஊகிக்கலாம், ஊகம் என்று சொல்லியே எழுதலாம். இடமும் இப்படித்தான். செய்தி திருவள்ளூரிலிருந்து எழுதப்பட்டதாகத் தொடங்கினாலும் நிகழ்வு கும்மிடிப்பூண்டியில் நடந்திருக்கும், மாவட்டத் தலைநகரில் நிருபருக்குத் தகவல் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். சிப்காட் என்ற சொல் மட்டும் மிஞ்சிய நறுக்கு இன்னும் மோசம். கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட் இருக்கிறது. ‘சிப்காட் போலீசார் வழக்குப்பதிவு’ என்ற வரி ராணிப்பேட்டையிலிருந்தும் வரும், ஓசூரிலிருந்தும் வரும். அனுப்பியவர் கும்மிடிப்பூண்டிக்காரர் என்பதால் செய்தியும் கும்மிடிப்பூண்டியுடையது என்று எழுதிவிடக் கூடாது. அவர் அதை உறவினர் ஒருவரின் வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்திருக்கலாம்.

இப்படிக் குறைகளைப் பட்டியல் போட்டால் சுருக்கம் செய்தியைவிட நீளும் என்பது அடுத்த மறுப்பு. எல்லாக் குறையையும் எழுதச் சொல்லவில்லை. நிருபர் பெயர் இல்லை, படம் எடுத்தவர் பெயர் இல்லை என்பதெல்லாம் யாருக்கும் பயனில்லாத நேர்மை. இல்லாத ஒன்று வந்து சேர்ந்தால் செய்தியின் பொருள் மாறுமா என்று மட்டும் கேட்டுப் பார்த்தால் பட்டியல் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். நம் நறுக்கில் தலைப்பின் முடிவு, தேதி, மூன்றாம் பத்தி யாருடையது என்பவை மூன்றும் மாற்றும். காயமடைந்தவர்கள் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள் என்ற வரியில் மடிப்பு விழுந்திருந்தால், கேட்பவர் ரயில்வே வழக்கறிஞராக இருந்தால் எழுதலாம், ஆலை நிர்வாகமாக இருந்தால் விட்டுவிடலாம். யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எது குறை என்பதும்.

கூகுளில் தேடினால் முழுச் செய்தியும் கிடைக்குமே, எதற்கு இந்தப் பாடு என்பதும் நியாயமான கேள்விதான். தேடலாம், நானும் தேடுவதுதான். ஆனால் கிடைப்பது அதே நிகழ்வைப் பற்றிய வேறொரு செய்தியாக இருக்கும். அதே நாளிதழின் இணையதளத்தில் இருப்பதும் அச்சில் வந்ததும் ஒன்றல்ல. தலைப்பு மாறும், அடுத்த மணிநேரத்தில் எண்ணிக்கை திருத்தப்படும். சென்னைப் பதிப்பில் முதல் பக்கத்தில் ஒரு விதமாகவும் மாவட்டப் பக்கத்தில் வேறு விதமாகவும் வந்திருக்கலாம். தேடிக் கிடைத்ததைக் கொடுப்பதில் தப்பில்லை, நறுக்கில் இருந்ததோடு கலந்து கொடுப்பதுதான் தப்பு. மேலே கவரைப்பேட்டை பற்றி நான் எழுதிய விவரத்தில் 75 கிலோமீட்டர் வேகம் என்பது மாதிரி நறுக்கில் இல்லை என்று வையுங்கள். அது எனக்குத் தெரியும் என்பதாலேயே ‘செய்தியின்படி 75 கிலோமீட்டர் வேகத்தில்’ என்று எழுதினால், அந்த நாளிதழின் வாயில் நான் ஒரு எண்ணைத் திணித்தவன் ஆகிறேன். எண் சரி, சாட்சி தப்பு. ‘நறுக்குக்கு வெளியிலிருந்து’ என்று தனி வரி போட்டு எழுதினால் இரண்டும் சரியாகிவிடும்.

செய்தி நறுக்கு கோர்ட்டில் செல்லாது, அதற்கு இவ்வளவு வியாக்கியானமா என்று வக்கீல் அலுவலகத்திலேயே கேட்பார்கள். லட்சுமி ராஜ் ஷெட்டி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1988-ல் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: நாளிதழ்ச் செய்தி செவிவழிச் சான்று, வேறு சாட்சியத்தால் நிரூபிக்கப்படாமல் அதிலுள்ளதை உண்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. மறுப்பதற்கில்லை. ஆனால் நறுக்கின் வேலை நிரூபிப்பது அல்ல, விசாரணையைத் தொடங்கிவைப்பது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே ஒரு விஷயத்தை விசாரணைக்கு எடுக்கலாம் என்று 2021 அக்டோபர் 7-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழக்கே மும்பைக் குப்பை விவகாரம் பற்றிய ஒரு கட்டுரையைப் பார்த்துத் தீர்ப்பாயம் எடுத்ததிலிருந்து கிளம்பியது. நம் பக்கத்திலும் 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது தென்மண்டல அமர்வு தானாகவே அதைக் கையில் எடுத்தது. இப்படிச் செய்தியைப் பார்த்து எடுக்கும் வழக்குகளின் தலைப்பிலேயே எந்த நாளிதழ், எந்தத் தேதி, என்ன தலைப்பு என்று எழுதுவார்கள். கைபேசிப் படத்தில் வெட்டுப்பட்டுப் போகிற மூன்றும் சரியாக அவைதான். வேறு சாட்சியத்தால் நிரூபிக்கச் சொன்ன 1988 தீர்ப்பும் எனக்கு எதிரானதாகத் தெரியவில்லை. எதை நிரூபிக்க வேண்டும் என்று தெரிய, நாளிதழ் எதைச் சொன்னது, எதை யார் சொன்னதாகச் சொன்னது என்பது முதலில் துல்லியமாக வேண்டும்.

ஆக, அந்த மாதிரி நறுக்குக்கு நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘கவரைப்பேட்டை ரயில் விபத்து பற்றிய செய்தி, மூன்று பத்தி. தலைப்பு சதியா என்பதுவரை தெரிகிறது. கேள்வியா, கூற்றா, முடிவா என்று படத்திலிருந்து சொல்ல முடியாது. மெயின் லைனுக்குப் பச்சை சிக்னல் இருந்தும் ரயில் லூப் லைனுக்குள் போனதாக ரயில்வே தரப்பு சொன்னது முதல் பத்தியில் இருக்கிறது. சதி உறுதியானதாக முதல் பத்தியின் கடைசி வரி சொல்லவில்லை. இரண்டாம் பத்தியின் மேல்வரி வெட்டுப்பட்டிருப்பதால் அந்த வாக்கியம் முடியவில்லை. மூன்றாம் பத்தி பாலசோர் விபத்தைப் பற்றிய தனிச் செய்தியாகத் தோன்றுகிறது, பலி எண்ணிக்கை அதற்குரியது. நாளிதழ், பதிப்பு, தேதி இல்லை. மீட்புப் பணி நடப்பதாக வருவதால் விபத்தை ஒட்டிய நாட்களில் வந்ததாக ஊகம்.’ இதற்குக் கீழே ஒரே ஒரு வேண்டுகோள்: பேப்பர் இன்னும் வீட்டில் இருந்தால், பக்கத்தின் மேல்விளிம்பும் தலைப்பின் வலது முனையும் தெரிய, கொஞ்சம் தள்ளி நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்பவும், பழைய பேப்பர்காரர் வருவதற்கு முன்னால்.